வலிக்காத கட்டி, "ஒண்ணும் இல்ல"ன்னு சொன்ன ரிப்போர்ட்டு, அப்புறம் சிட்டி ஆஸ்பத்திரி: என் அனுபவம்

எனக்கு வயசு 42. கிராமம்தான், வீட்டுக்காரர் வெளியூர்ல வேலை, ரெண்டு பிள்ளைங்க ஸ்கூல் படிக்குதுங்க, மாமியார் கூட இருக்காங்க. மார்புல ஒரு கட்டி இருக்குன்னு கைக்கு தட்டுப்பட்ட நாள்ல இருந்து சிட்டி ஆஸ்பத்திரியில "இது கேன்சர்தான்"னு சொன்ன வரைக்கும் நடந்ததை எழுதறேன். இதுல பாதி மாசங்கள் வியாதியால போகல, ஒரு ரிப்போர்ட்டுல இருந்த ஒரு வரியை யாரும் எனக்கு சரியா படிச்சு சொல்லாததால போச்சு. அதை ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவோ உதவியா இருந்திருக்கும், அதான் கொஞ்சம் விலாவாரியாவே எழுதறேன்.

குளிக்கும்போது சோப்பு போட்ட கை இடது பக்கம், அக்குளுக்கு கிட்ட, ஒரு இடத்துல தடுக்குச்சு. கோலிக்குண்டு சைஸ்ல கெட்டியா இருந்துச்சு, அழுத்தினா வலி கொஞ்சம்கூட இல்ல. மறுநாளும் பார்த்தேன், இருந்துச்சு. மாமியார்கிட்ட சொன்னேன். அவங்க தொட்டுப் பார்த்துட்டு "வலிக்குதாடி?"ன்னு கேட்டாங்க, இல்ல அத்தைன்னேன், "அப்ப ஒண்ணும் இல்ல, வலிச்சாதான் பயப்படணும், எண்ணெய் தேய்ச்சு நீவி விடு கரைஞ்சிடும்"னாங்க. அவங்க மேல எனக்கு கோபம் இல்ல, எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. ஆனா நெஜம் என்னன்னா மார்புல வர கேன்சர் கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது. வலி இருக்கு இல்லங்கறதை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. வலிக்கிற கட்டி நீர்க்கட்டியாவோ சீழ் கட்டியாவோ இருக்கலாம், வலிக்காத கட்டி சாதாரண நார்க்கட்டியாவும் இருக்கலாம், கேன்சராவும் இருக்கலாம். மார்புல வர கட்டிங்கள்ல முக்கால்வாசி கேன்சர் கிடையாதுதான், ஆனா நம்ம கட்டி எந்த ரகம்னு கையால தொட்டு வீட்ல யாராலயும் சொல்ல முடியாது. இன்னொண்ணு, எண்ணெய் போட்டு அழுத்தி நீவறதை தயவு செஞ்சு பண்ணாதீங்க, அதனால கட்டி கரையாது, நாள்தான் போகும்.

மாதவிடாய் வந்து போனா சில கட்டிங்க சின்னதாகும், சிலது காணாமயே போயிடும், அது ஹார்மோனால வர வீக்கம். அதனால ஒரு தடவை பீரியட் வந்து முடியற வரைக்கும் பார்க்கலாம், அதுக்கு மேல காத்திருக்கிறதுக்கு காரணமே இல்ல. என் கட்டி பீரியட் வந்தும் அப்படியேதான் இருந்துச்சு, கூடவும் இல்ல குறையவும் இல்ல. அதுதான் எனக்கு உள்ளுக்குள்ள உறுத்துச்சு.

பக்கத்து டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட போனேன். நான் சொல்றதை கேட்டாரு, கட்டியை தொட்டுக்கூட பார்க்கல, ஜாக்கெட்டுக்கு மேலயே எங்கன்னு காட்ட சொன்னாரு. "இந்த வயசுல ஹார்மோன் கட்டி சகஜம்மா"ன்னு சொல்லி விட்டமின் ஈ மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தாரு. வலியே இல்லாதவளுக்கு வலி மாத்திரை. நானும் கூச்சத்துல ஒண்ணும் பேசல. ஆம்பளை டாக்டர் தொட்டுப் பார்க்கலைன்னு மனசுக்குள்ள ஒரு நிம்மதி கூட இருந்துச்சுன்னு சொன்னா தப்பா நினைக்காதீங்க, நம்மள அப்படித்தான் வளர்த்திருக்காங்க. இப்ப தெரியுது, கட்டின்னு போனா டாக்டர் கையால பரிசோதிக்காம மாத்திரை எழுதிக் கொடுத்தா அந்த விசிட் நடந்ததா கணக்கே இல்ல. கூச்சமா இருந்தா லேடி டாக்டர் வேணும்னு கேளுங்க, இல்லன்னா கூட ஒரு நர்ஸ் நிக்கணும்னு கேளுங்க, ரெண்டும் கேக்கலாம், யாரும் திட்ட மாட்டாங்க.

மாத்திரை முடிஞ்சும் கட்டி அப்படியே இருந்ததால வேற ஒரு இடத்துல காட்டினேன். அங்க இருந்த டாக்டரம்மா தொட்டுப் பார்த்து உடனே ஸ்கேன் எழுதினாங்க. ஸ்கேன் ரிப்போர்ட்டுல என்னென்னமோ இருந்துச்சு, கடைசி வரியில பைராட்ஸ் 4ன்னு போட்டு பயாப்ஸி, அதான் கட்டியில இருந்து சதை எடுத்து பாக்கற டெஸ்ட், பண்ண சொல்லி இருந்துச்சு. இந்த பைராட்ஸ்ங்கற நம்பர் மார்பு ஸ்கேன், மேமோகிராம்ங்கற மார்பு எக்ஸ்ரே ரிப்போர்ட்டு எல்லாத்துலயும் கடைசியில இருக்கும், 0ல இருந்து 6 வரைக்கும். 1ன்னா நார்மல், 2ன்னா சாதாரண கட்டி, 3ன்னா அனேகமா சாதாரணம், ஆனா ஆறு மாசத்துல திரும்ப பாக்கணும். 4ம் 5ம்னா சந்தேகம் இருக்கு, சதை எடுத்து பார்த்தே ஆகணும். 0ன்னா நல்லதுன்னு அர்த்தம் இல்ல, இன்னும் படம் எடுத்தாதான் சொல்ல முடியும்னு அர்த்தம். 6ன்னா ஏற்கனவே கேன்சர்னு உறுதியானது. ரிப்போர்ட்டு கையில வந்ததும் இந்த நம்பரை முதல்ல தேடுங்க.

அடுத்து நடந்ததுதான் என்னோட மாசங்களை தின்னுச்சு. அந்த டாக்டரம்மா லீவுல போயிட்டாங்க, அவங்களுக்கு பதிலா இருந்தவரு "பயாப்ஸி எல்லாம் வேணாம், ஊசி டெஸ்ட் போதும்"னு லேபுக்கு அனுப்பினாரு. ஊசி டெஸ்ட்டுன்னா மெல்லிசு ஊசியை கட்டிக்குள்ள விட்டு கொஞ்சம் செல்லை உறிஞ்சி கண்ணாடி ஸ்லைடுல தடவி பார்ப்பாங்க. எஃப்என்ஏசின்னு சீட்டுல எழுதுவாங்க. ரெண்டு குத்து, அஞ்சு நிமிஷம்கூட ஆகல. ரிப்போர்ட்டு வாங்கிட்டுப் போனேன், பார்த்துட்டு "கேன்சர் செல் இல்லம்மா, தைரியமா போ"ன்னாரு. எனக்கு அங்கயே அழுகை வந்திடுச்சு சந்தோஷத்துல. வீட்டுக்காரருக்கு போன் பண்ணி சொன்னேன், மாமியார் சாமி கும்பிட்டாங்க, அந்த ஃபைலை பீரோ மேல போட்டுட்டு நான் பாட்டுக்கு காட்டு வேலைக்கு போயிட்டேன்.

அப்படியே மாசக்கணக்குல ஓடிடுச்சு. கட்டி கொஞ்சம் பெருசான மாதிரி இருந்துச்சு, ஆனா "கேன்சர் இல்ல"ன்னு எழுதின பேப்பர் இருக்கே. ஒரு நாள் ஊருக்கு வர நர்ஸம்மா பிள்ளைங்களுக்கு தடுப்பூசி போட வந்தப்ப பேச்சுவாக்குல சொன்னேன். "ரிப்போர்ட்டை கொண்டாங்கக்கா"ன்னாங்க. திண்ணையில உக்காந்து ஒரு ஒரு வரியா படிச்சாங்க, ஒரு இடத்துல விரலை வெச்சு நிறுத்திட்டாங்க. "அக்கா, இதுல கேன்சர் இல்லன்னு போடலை. ரத்தமும் கொழுப்பும்தான் வந்திருக்கு, பாக்கறதுக்கு செல்லே போதலன்னு போட்டிருக்கு, சி1னு இருக்கு பாருங்க"ன்னாங்க. எனக்கு அப்ப கால் தளர்ந்துடுச்சு.

இதை நல்லா மனசுல வெச்சுக்கோங்க. ஊசி டெஸ்ட் ரிப்போர்ட்டுல பல லேபுல சி1ல இருந்து சி5 வரைக்கும் ஒரு நம்பர் கொடுப்பாங்க. சி1ன்னா எடுத்த சாம்பிள் போதாது, முடிவே சொல்ல முடியாது. சி2ன்னாதான் சாதாரண கட்டி. சி3, சி4 சந்தேகம், சி5 கேன்சர். ஊசி கட்டிக்குள்ள போகாம பக்கத்து கொழுப்புல போனாலும், கட்டி ரொம்ப கெட்டியா இருந்து செல் வராம போனாலும் சி1 வரும். என் ரிப்போர்ட்டு "தேடிப் பார்த்தோம், கிடைக்கல"ன்னு சொல்லல, "தேடவே முடியல"ன்னு சொல்லுச்சு. அதை "இல்ல"ன்னு எனக்கு சொல்லிட்டாங்க. சி2ன்னு வந்திருந்தாக்கூட எனக்கு அது முடிவு கிடையாதுன்னு அப்புறம் சிட்டியில சொன்னாங்க. டாக்டர் கை சொல்றது, ஸ்கேன் சொல்றது, ஊசியோ சதையோ சொல்றது, இந்த மூணும் ஒத்துப்போகணும். ஸ்கேன் 4ன்னு சந்தேகப்படுது, ஊசி ஒண்ணும் இல்லங்குது, அப்படின்னா வீட்டுக்கு அனுப்பக் கூடாது, மறுபடியும் சாம்பிள் எடுக்கணும். இந்த ஒரு விஷயம் எனக்கு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேன்: "டாக்டர், ஸ்கேன்ல சந்தேகம்னு இருக்கு, இதுல இல்லன்னா எது சரி?"

மறுபடி டவுனுக்கு ஓடினேன். இந்த தடவை ஒரு சர்ஜன், "மரத்துப்போக ஊசி போட்டு கட்டியை எடுத்துடலாம், எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பிக்கலாம், அரை நாள் வேலை"ன்னாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு, எடுத்துட்டா தொல்லை விட்டுதுன்னு தோணுச்சு. நர்ஸம்மாகிட்ட போன்ல கேட்டேன், "வேணாம்க்கா, முதல்ல என்ன கட்டின்னு தெரியணும், நேரா சிட்டிக்கு கேன்சர் பிரிவு இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க"ன்னாங்க. இது எவ்வளவு சரின்னு சிட்டியில புரிஞ்சுது. என்ன கட்டின்னு தெரியாம வெட்டி எடுத்தா, அது கேன்சரா இருக்கற பட்சத்துல சுத்தி எவ்வளவு நல்ல சதையோட எடுக்கணும்னு கணக்கு இருக்காது, ஓரத்துல மிச்சம் நிக்கும், திரும்ப ஆபரேஷன் பண்ண வேண்டி வரும். சில பேருக்கு முதல்ல மருந்து கொடுத்து கட்டியை சுருக்கிட்டு அப்புறம் எடுக்கறதுதான் நல்லது, அந்த வாய்ப்பும் கை நழுவிடும்.

சிட்டிக்கு தனியாத்தான் போனேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கல, மாமியாரால முடியாது, பிள்ளைங்களை பாத்துக்க ஆள் வேணும். விடிகாலை பஸ்ல போய் இறங்கினா, மார்பு கட்டி பாக்கற ஓபி அன்னைக்கு இல்ல, வேற கிழமைதான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஒரு நாள் கூலியும் பஸ் காசும் வீண். போறதுக்கு முன்னாடி அந்த பிரிவு என்னைக்கு, எத்தனை மணி வரைக்கும் சீட்டு கொடுப்பாங்கன்னு போன்ல கேட்டுட்டு போங்க. அங்க போனவங்க யாரையாவது கேட்டாலும் போதும்.

அடுத்த தடவை போனப்ப ஒரு லேடி டாக்டர். திரையை இழுத்துவிட்டு, உக்கார வெச்சு, ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்க சொன்னாங்க, அப்புறம் இடுப்புல கையை வெச்சு அழுத்த சொன்னாங்க. கையை தூக்கும்போது எதிர்ல கண்ணாடி இருந்துச்சு. அதுல பார்த்தேன், இடது பக்கம் தோல் ஒரு இடத்துல உள்ள இழுத்துக்கிட்டு சின்னதா குழி விழுந்துச்சு, கையை இறக்கினதும் காணோம். அத்தனை மாசமா தடவி தடவி பார்த்த எனக்கு இது தெரியாது. அப்புறம் படுக்க வெச்சு ரெண்டு மார்பு, அக்குள், கழுத்தெலும்புக்கு மேல எல்லாம் விரலால அழுத்தி பார்த்தாங்க. அக்குள்லயும் ஒண்ணு தட்டுப்படுதுன்னு எழுதினாங்க. வீட்ல பார்க்கறவங்க கண்ணாடி முன்னாடி நின்னு கையை தூக்கிப் பாருங்க, குழி விழுதா, காம்பு புதுசா உள்ள இழுத்திருக்கா, காம்புல ரத்தம் மாதிரி கசியுதா, தோல் ஆரஞ்சு பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியா தடிச்சிருக்கான்னு. இதுல ஒண்ணு இருந்தாலும் பீரியட் வரட்டும்னு கூட காத்திருக்காதீங்க.

அன்னைக்கே மேமோகிராம். ரெண்டு பிளேட்டுக்கு நடுவுல வெச்சு அழுத்துவாங்க, சில செகண்ட்தான், வலிக்கும் ஆனா தாங்கலாம். பவுடர், சென்ட் போட்டுட்டு போகாதீங்க, படத்துல புள்ளியா விழும். அதுக்கப்புறம் பயாப்ஸிக்கு நாள் கொடுத்தாங்க. வரிசையில பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா "கட்டியில ஊசி பட்டா உடம்பு பூரா பரவிடும், பண்ணாத"ன்னு கையை பிடிச்சிக்கிட்டு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே இல்ல. மறுநாள் டாக்டர்கிட்டயே கேட்டேன். அவங்க கோபப்படாம சொன்னாங்க, பயாப்ஸியால பரவறதில்ல, பயாப்ஸிக்கு பயந்து வராம இருக்கறவங்களுக்குத்தான் அது பாட்டுக்கு வளர்ந்து பரவுதுன்னு.

பயாப்ஸி அந்த பழைய ஊசி டெஸ்ட் மாதிரி இல்ல. மரத்துப்போக ஊசி போட்டாங்க, அதுதான் சுருக்குனு இருந்துச்சு. அப்புறம் ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே தடிச்ச ஊசியை கட்டிக்குள்ள விட்டாங்க, ஒவ்வொரு தடவையும் டக்குனு ஒரு சத்தம், முன்னாடியே சத்தத்தை போட்டுக் காட்டினதால பயப்படல. நூல் மாதிரி வெள்ளையா சதைத் துண்டுங்க வந்துச்சு, அதை ஒரு சின்ன டப்பியில மருந்துத் தண்ணிக்குள்ள போட்டாங்க, அதான் ஃபார்மலின். இந்த சதை இருந்தாதான் கேன்சரான்னு மட்டும் இல்ல, எந்த வகை, எந்த மருந்து வேலை செய்யும்னு பாக்க முடியும், செல் மட்டும் எடுக்கற ஊசி டெஸ்ட்டால இதை எல்லாம் முழுசா சொல்ல முடியாது. முடிஞ்சதும் நர்ஸ் கொஞ்ச நேரம் நல்லா அழுத்திப் பிடிச்சாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க முன்னாடியே சொல்லிடணும். ஒரு வாரம் ஊதா கலர்ல கன்னிப்போய் இருந்துச்சு, அது தானா போயிடுச்சு.

ரிப்போர்ட்டு வாங்கப் போன நாளை மறக்க முடியாது. டாக்டர் ஃபைலை பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, "கூட யாரும்மா வந்திருக்கா?"ன்னு கேட்டாங்க. யாரும் இல்லன்னேன். "வீட்டுக்காரரை கூட்டிட்டு வாங்க, பேசலாம்"னாங்க. அந்த நிமிஷமே எனக்கு தெரிஞ்சுபோச்சு. ஆனா அவரு வரதுக்கு எத்தனை நாள் ஆகும், அதுவரைக்கும் நான் எப்படி இருப்பேன்? "மேடம், உடம்பு என்னுது, எனக்கே சொல்லுங்க, நான் தாங்கிப்பேன்"னேன். குரல் நடுங்குச்சு, ஆனா சொல்லிட்டேன். கதவை சாத்திட்டு உக்கார வெச்சு சொன்னாங்க. மார்பக புற்றுநோய், அக்குள்ல நெறிக்கட்டிக்கும் போயிருக்க வாய்ப்பு இருக்கு, வைத்தியம் இருக்கு. அதுக்கு மேல அவங்க சொன்னது எதுவும் காதுல ஏறல. அதனால ஒரு துண்டு பேப்பர்ல தமிழ்ல எழுதித் தர சொன்னேன், எழுதிக் கொடுத்தாங்க. தனியா போறவங்க இதைக் கேளுங்க. இல்ல போன்ல ரெக்கார்டு பண்ணிக்கட்டுமான்னு கேளுங்க. வெளியில வந்து படிக்கட்டுல உக்காந்து ரொம்ப நேரம் அழுதேன், யாரும் ஒண்ணும் கேக்கல, அங்க அது சகஜம்னு நினைக்கிறேன்.

அதோட டயாக்னோசிஸ் முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன், முடியல. அதே சதையில இன்னொரு டெஸ்ட் பண்ணணும்னாங்க, ஐஎச்சின்னு பேரு, ஈஆர், பிஆர், ஹெர்2ன்னு மூணு விஷயம் பார்ப்பாங்க. ஈஆர், பிஆர் இருந்தா ஹார்மோனை தடுக்கற மாத்திரை வேலை செய்யும், ஹெர்2 இருந்தா அதுக்குன்னு தனி ஊசி மருந்து இருக்கு, மூணும் இல்லன்னா வைத்தியமே வேற மாதிரி. இது வராம வைத்தியம் திட்டம் போட முடியாதுன்னாங்க. எனக்கு ஈஆர், பிஆர் ரெண்டும் பாசிட்டிவ், ஹெர்2 மட்டும் 2+னு வந்துச்சு. 0, 1+ன்னா நெகட்டிவ், 3+ன்னா பாசிட்டிவ், 2+ன்னா ரெண்டுங்கெட்டான், அதுக்கு ஃபிஷ்னு இன்னொரு டெஸ்ட் பண்ணித்தான் முடிவு சொல்வாங்க. அதுக்கு என்னோட மெழுகு பிளாக் வேணும்.

இந்த பிளாக் பத்தி ஒரு வார்த்தை. எடுத்த சதையை லேபுல ஒரு சின்ன மெழுகு கட்டிக்குள்ள புதைச்சு வெச்சிருப்பாங்க, அதுல இருந்து மெல்லிசா சீவித்தான் ஒவ்வொரு டெஸ்ட்டும் பண்றாங்க. பேப்பர் ரிப்போர்ட்டை விட இதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. எனக்கு அதே ஆஸ்பத்திரியில எடுத்ததால அங்கயே இருந்துச்சு. என் கூட வரிசையில நின்ன ஒரு தங்கச்சிக்கு டவுன்ல பயாப்ஸி எடுத்திருந்தாங்க, பேப்பர் மட்டும்தான் கையில, பிளாக்குக்காக திரும்ப ஊருக்கு போனா. வெளியில எங்க பயாப்ஸி எடுத்தாலும் சிட்டிக்கு கிளம்பறதுக்கு முன்னாடியே ஸ்லைடும் பிளாக்கும் வேணும்னு லேபுல எழுதிக் கொடுத்து வாங்கிக்கோங்க. வெயில்ல, சூடான இடத்துல வெக்காதீங்க, மெழுகு உருகிடும். வாங்கினதும் டப்பா மேல இருக்கற நம்பரும் ரிப்போர்ட்டுல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு பாருங்க.

ஃபிஷ் ரிசல்ட்டு நெகட்டிவ்னு வந்துச்சு. உடம்புல வேற எங்கயும் போயிருக்கான்னு சிடி ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் எடுத்தாங்க, போகல. அக்குள் நெறிக்கட்டியிலயும் ஊசி போட்டு பார்த்தாங்க, அதுல இருந்துச்சு. அதனால முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன்னு முடிவு பண்ணாங்க. கீமோல கட்டி சுருங்கி மறைஞ்சுட்டா ஆபரேஷன்ல இடம் தெரியணும்னு கட்டிக்குள்ள ஒரு குட்டி கிளிப்பு வெச்சிருக்காங்க, உள்ள இருக்கறதே தெரியல. வீட்டுக்காரர் இப்ப வந்துட்டாரு, அடுத்த வாரம் முதல் கீமோ. என் கூடப்பிறந்த தங்கச்சிக்கு 36 வயசு, அவளையும் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லியிருக்காங்க, கூச்சப்பட்டுக்கிட்டு இருக்கா, வர திங்கக்கிழமை நானே கூட்டிட்டு போறேன்.